ஜீப்ரா கோடும் ஃபால்ஸ் கலரும்: வீடியோவில் எக்ஸ்போஷரை எண்ணால் பார்ப்பது எப்படி

வெயிலில் நிற்கும்போது கேமராவின் திரை மங்கலாகத் தெரியும். இருட்டு அறைக்குள் போனால் அதே திரை பளிச்சென்று தெரியும். பதிவாகும் படத்தில் எந்த மாற்றமும் இல்லை, நம் கண்தான் சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப மாறிக்கொள்கிறது. படம் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் முழுவதும் வயல்வெளியில் திரையை மட்டும் நம்பி வேலை செய்தேன். இருட்டாகத் தெரிகிறதே என்று, லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையான ஐரிஸைத் திறந்துகொண்டே போனேன். வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தால் வானம் வெறும் வெள்ளையாக இருந்தது. அன்று நல்ல மேகம், அதில் ஒரு துளிகூடப் பதிவாகவில்லை. அப்படி வெளுத்துப் போன இடத்தை எடிட்டிங்கில் எவ்வளவு இறக்கினாலும் மேகம் திரும்பி வராது, வெள்ளை சாம்பலாக மாறும், அவ்வளவுதான்.

ஜீப்ராவும் ஃபால்ஸ் கலரும் இந்தச் சிக்கலுக்காக வந்தவை. இரண்டும் படத்தின் வெளிச்சத்தை எண்ணாக அளந்து நமக்குக் காட்டுகின்றன. ஆனால் அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது வெளிச்சத்தை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் பிக்சர் புரொஃபைல்களில் நாம் எதில் படம் பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பலரும் தடுமாறுவது இங்கேதான். "முகத்துக்கு 70, வெள்ளைக்கு 100" என்று எங்கோ படித்ததை, பிறகு எடிட்டிங்கில் சரிசெய்துகொள்வதற்காக வெளிறிய படமாகப் பதிவு செய்யும் லாக் புரொஃபைலில் அப்படியே பின்பற்றினால் படம் கெட்டுப்போகும். அதனால் ஒரே ஒரு புரொஃபைலை, சோனி கேமராக்களில் உள்ள எஸ்-லாக்3-ஐ, எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் கடைசி வரை போவோம். வேறு கேமரா வைத்திருப்பவர்களுக்கும் வழிமுறை இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

அளவுகோல்

இரண்டு கருவிகளும் ஐ.ஆர்.இ. என்ற அளவில் பேசுகின்றன. சதவீதம் என்றே வைத்துக்கொள்ளலாம். 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வழக்கமான தொலைக்காட்சி வெள்ளை.

ஜீப்ரா ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: நான் கொடுத்த எண்ணைத் தொட்ட இடம் எது? அந்த இடத்தில் சாய்ந்த கோடுகள் ஓடும். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் உள்ள எல்லா இடத்திலும் கோடு போடுவது. மற்றொன்று, ஒரு எண்ணையும் அதற்குச் சற்று முன்பின் உள்ள பகுதியையும் மட்டும் காட்டுவது. சோனி மெனுவில் முதலாவதன் பெயர் `Lower Limit`, இரண்டாவது `Std+Range`. மிரர்லெஸ் கேமராக்களில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைக்க முடியும். பெரிய சினிமா கேமராக்கள் சிலவற்றில் இரண்டையும் சேர்த்தே ஓடவிடலாம்.

ஃபால்ஸ் கலர் அப்படி ஒரு கேள்வியோடு நிற்பதில்லை. படம் முழுவதையும் வெளிச்சத்தின் அளவுப்படி நிறம் பிரித்துக் காட்டும். ஆரி அலெக்ஸாவில் வந்த பட்டியல்தான் பலருக்கும் பழக்கமானது. 38 முதல் 42 வரை பச்சை, அது தன் மேல் விழும் வெளிச்சத்தில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுச் சாம்பலின் இடம். 52 முதல் 56 வரை இளஞ்சிவப்பு, அதாவது சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 97-ஐத் தாண்டினால் மஞ்சள், 99-ஐத் தாண்டினால் சிவப்பு. கீழே 2.5-க்குள் ஊதா, அதற்கு மேல் 4 வரை நீலம். மற்ற இடங்களெல்லாம் கறுப்பு வெள்ளையாகவே தெரியும். உங்கள் மானிட்டரின் பட்டியல் இதிலிருந்து வேறுபடலாம். அதனால் நிறத்தின் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், மானிட்டரின் ஓரத்தில் இருக்கும் அளவுப் பட்டையைப் பார்த்துப் பழகுங்கள்.

முதல் படி: உங்கள் கேமராவின் உச்சி எண்ணைக் கண்டுபிடியுங்கள்

இது பத்து நிமிட வேலை, ஒருமுறை செய்தால் போதும். எஸ்-லாக்3-ஐத் தேர்ந்தெடுங்கள். ஐ.எஸ்.ஓ.வை அந்தக் கேமராவின் அடிப்படை அளவில் வையுங்கள். எஃப்எக்ஸ்3-ஆக இருந்தால் 800. எரியும் பல்பை நோக்கி கேமராவைத் திருப்பி, சந்தேகமே இல்லாமல் வெளுத்துப்போகும் வரை ஐரிஸைத் திறந்துவிடுங்கள். இப்போது ஜீப்ராவை `Lower Limit` வகையில் 100-க்கு வையுங்கள். கோடு வராது. பல்பு முற்றிலும் வெளுத்துவிட்டது, ஆனாலும் வராது.

இனி எண்ணை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏறக்குறைய 94-இல் கோடு சட்டென்று தோன்றும். அதுதான் உச்சி. எஸ்-லாக்3-இல் சென்சார் நிறைந்துவிட்ட பிறகும் பதிவாகும் எண் அதற்கு மேல் போவதில்லை. அதனால் ஜீப்ராவை 100-க்கு வைத்துக்கொண்டு, கோடு வரவில்லை, எல்லாம் சரி என்று நினைத்துப் படம் பிடிப்பவர் வெளுத்த வானத்தோடுதான் வீடு திரும்புவார்.

உச்சி எண் கிடைத்ததும் ஜீப்ராவை அதற்கு ஒரு புள்ளி கீழே, 93-இல், நிரந்தரமாக வைத்துவிடுங்கள். சோனியில் `C1`, `C2` என்று இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்றில் இதைச் சேமியுங்கள். ஐ.எஸ்.ஓ.வை அடிப்படை அளவுக்குக் கீழே இறக்கினால் உச்சியும் கீழே இறங்கிவிடும், பழைய எண் செல்லாது. அதனால் வெளிச்சம் அதிகம் என்று ஐ.எஸ்.ஓ.வைக் குறைக்காமல், லென்ஸுக்கு வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் போடுவதே நல்லது. லாக் இல்லாத சாதாரண புரொஃபைல்களில் சில 109 வரை பதிவு செய்யும், சில 100-இலேயே நின்றுவிடும். அதையும் இதே முறையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஒன்றைச் சரிபார்த்துவிடுங்கள். லாக் படம் வெளிறித் தெரிவதால் திரையில் பார்ப்பதற்கு மட்டும், படத்தை இயல்பான நிறத்துக்கு மாற்றிக் காட்டும் லட் போட்டுக்கொள்வது வழக்கம். ஜீப்ரா எதை அளக்கிறது, பதிவாகும் லாக்கையா, லட் போட்ட படத்தையா? லட்டை அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். கோடுகள் இடம் மாறாவிட்டால் லாக்கைத்தான் அளக்கிறது. மாறினால், அளக்கும்போது லட்டை அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது படி: கிரே கார்டு

எஸ்-லாக்3-இல் 18 சதவீத கிரே கார்டின் சரியான இடம் 41. வெள்ளைத் தாள் 61-இல் உட்காரும். சாதாரண வீடியோவில் வெள்ளைத் தாள் 90-க்குப் பக்கத்தில் இருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். லாக் படம் ஏன் வெளிறித் தெரிகிறது, பழைய எண்களை ஏன் இங்கே கொண்டுவரக் கூடாது என்பது புரிந்துவிடும்.

ஜீப்ராவின் இன்னொரு சேமிப்பிடத்தில் `Std+Range` வகையைத் தேர்ந்தெடுத்து 41, கூட்டல் கழித்தல் 2 என்று வையுங்கள். படத்தில் வரப்போகிறவரின் முகம் இருக்கும் இடத்தில், அதே வெளிச்சம் விழும்படி, கார்டைக் கேமராவை நோக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கார்டு முழுவதும் கோடு நிறையும் வரை ஐரிஸையோ என்.டி.யையோ மாற்றுங்கள். கார்டு சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் வானத்தின் பளபளப்பு அதில் விழும், எண் தவறாக ஏறும். அளக்கும்போது அதை மட்டும் கவனியுங்கள்.

இன்னும் ஒரு எண் மனதில் இருந்தால் போதும். எஸ்-லாக்3-இல் ஒரு ஸ்டாப் என்பது ஏறக்குறைய 9 புள்ளி. 41-க்கும் 94-க்கும் இடையே 53 புள்ளி இருப்பதால், கிரே கார்டுக்கு மேலே நமக்கு ஏறத்தாழ ஆறு ஸ்டாப் இடம் இருக்கிறது. நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் எது தப்பும், எது வெளுக்கும் என்பதை இந்தக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

மூன்றாவது படி: முகம்

முகத்துக்கு 70 என்ற எண், லாக் இல்லாத தொலைக்காட்சிப் படத்துக்காக, வெள்ளைக்காரர் முகத்தை மனதில் வைத்துச் சொல்லப்பட்டது. ஃபால்ஸ் கலரின் இளஞ்சிவப்பும் அதே முகத்தைத்தான் குறிக்கிறது. நம் ஊரில் கறுத்த மேனி உள்ள ஒருவரை அந்த எண்ணுக்கு ஏற்றினால் அவர் சாம்பல் பூசியது போலத் தெரிவார். அவருடைய நிறமும் போய்விடும், தோலின் செழுமையும் போய்விடும். பல கல்யாண வீடியோக்களில் மணமக்களைப் பார்த்தாலே தெரியும், யாரோ 70-ஐத் துரத்தியிருக்கிறார்கள். எனக்கு மனம் வருந்தும் விஷயம் இது. அந்த முகம் அந்த நிறத்தில்தான் அழகு.

எஸ்-லாக்3-இல் நான் வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. வெளிர் நிற முகம் 48 முதல் 52. மாநிறம் 40 முதல் 45, அதாவது கிரே கார்டுக்கு மிகப் பக்கத்தில். கறுத்த மேனி 33 முதல் 38. லாக் இல்லாத படமாக இருந்தால் இதே வரிசையில் 65 முதல் 70, 50 முதல் 60, 40 முதல் 50. இவை தொடங்குவதற்கான இடங்கள்தான், ஆளுக்கு ஆள் சற்று மாறும். அளக்க வேண்டியது வெளிச்சம் விழும் பக்கத்துக் கன்னத்தை. வியர்வையோ எண்ணெயோ மினுங்கும் நெற்றிப் பொட்டில் எப்போதும் எண் கூடுதலாகத்தான் இருக்கும்.

கார்டு இருக்கும்போது முகத்தை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். கார்டை 41-இல் வைத்துவிட்டால், எந்த நிறத்து முகமும் தானாகவே தன் இடத்தில் போய் உட்காரும். அதுதான் கார்டின் பெரிய நன்மை. ஆனால் ஓடி ஓடிப் படம் பிடிக்கும்போது கார்டு காட்ட நேரம் கிடைக்காது. அப்போது முகத்தின் எண் கைகொடுக்கும்.

நான்காவது படி: மானிட்டரில் ஃபால்ஸ் கலர்

பல மிரர்லெஸ் கேமராக்களில் ஃபால்ஸ் கலர் இல்லாததால் வெளி மானிட்டர் வேண்டியிருக்கும். மானிட்டரை மாட்டியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, முதல் படியில் பல்பை வைத்துச் செய்த சோதனையை இங்கேயும் செய்வது. பல்பு வெளுத்திருக்கும்போது மானிட்டரில் என்ன நிறம் வருகிறது? மேலே சொன்ன பட்டியலைப் போல 99-இல்தான் சிவப்பு என்றால் எஸ்-லாக்3-இல் சிவப்பு வரவே வராது, ஏனென்றால் நம் உச்சி 94. மானிட்டரில் லாக் புரொஃபைலைக் குறிப்பிடும் வசதி இருந்தால் எஸ்-லாக்3 என்று சொல்லிவிடுங்கள். எல்லைகளை நாமே மாற்றும் வசதி இருந்தால் சிவப்பை 93-க்கு இறக்குங்கள். இரண்டும் இல்லையென்றால், உச்சியைக் கேமராவின் ஜீப்ராவிடமே விட்டுவிட்டு, முகத்துக்கும் நிழலுக்கும் மட்டும் மானிட்டரைப் பாருங்கள்.

அதோடு கிரே கார்டையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். கேமராவின் ஜீப்ரா 41 என்று சொல்லும் கார்டு மானிட்டரில் பச்சையாக வர வேண்டும். வரவில்லை என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மானிட்டர், லட் போட்ட படத்தை அளந்துகொண்டிருக்கலாம். அல்லது எச்.டி.எம்.ஐ. வழியாகப் போகும் சிக்னலின் வீச்சைக் கேமரா ஒருவிதமாகவும் மானிட்டர் வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். மானிட்டரின் அமைப்பில் ஃபுல், லிமிட்டெட் என்று இருப்பதை மாற்றிப் பார்த்தால் பின்னது சரியாகிவிடும்.

ஒளிப்பதிவாளர் எட் லாக்மன் உருவாக்கிய ஈ.எல். ஜோன் என்ற முறை சில மானிட்டர்களிலும் கேமராக்களிலும் வருகிறது. அதில் நிறங்கள் சதவீதத்தைக் குறிப்பதில்லை. 18 சதவீதச் சாம்பலிலிருந்து எத்தனை ஸ்டாப் மேலே, எத்தனை ஸ்டாப் கீழே என்பதைக் குறிக்கின்றன. கிடைத்தால் இதைத்தான் பயன்படுத்துவேன். நாம் ஐரிஸைத் திருப்பும்போது யோசிப்பதும் ஸ்டாப்பில்தானே.

ஒரு திண்ணைப் பேட்டி

இதையெல்லாம் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்போம். காலை பத்து மணி. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறார். நல்ல கறுத்த மேனி, வெள்ளை வேட்டி. திண்ணை நிழலில் இருக்கிறது. அவருக்குப் பின்னால், தெருவுக்கு எதிர்ப்பக்கம், சுண்ணாம்பு அடித்த சுவரில் நேர் வெயில். ஷட்டர் 50-இல் ஒன்று, ஐ.எஸ்.ஓ. 800, ஐரிஸ் எஃப் 4, முன்னால் என்.டி.

"ஐயா, இந்த அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி கார்டைக் கொடுத்தோம். அதை 41-க்குக் கொண்டுவர என்.டி.யைச் சரிசெய்தோம். ஃபால்ஸ் கலரில் கார்டு பச்சை. அவர் கன்னம் பச்சைக்குக் கீழே, வெறும் சாம்பலாகத் தெரிகிறது, 35 அளவில். பழக்கமில்லாதவர்கள் இங்கே பதறுவார்கள். முகம் பச்சைகூட இல்லையே என்று ஐரிஸைத் திறப்பார்கள். திறக்கக் கூடாது, முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. வேட்டி 60 பக்கத்தில், அதிலும் குறையில்லை.

இப்போது 93 ஜீப்ராவுக்கு மாறினால் எதிர்ச் சுவர் முழுவதும் கோடு. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். ஒரே வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் கிரே கார்டைவிட இரண்டு ஸ்டாப்புக்குச் சற்று அதிகமாக இருக்கும். வெயில் இந்த நிழலைவிட நான்கு ஸ்டாப் கூடுதல். சேர்த்தால் ஆறைத் தாண்டுகிறது, நமக்கு இருப்பதோ ஆறு.

ஐரிஸை ஒரு ஸ்டாப் மூடி எஃப் 5.6-க்குப் போனால் சுவர் தப்பிவிடும். ஆனால் கன்னம் 35-இலிருந்து 26-க்கு இறங்கும். பிறகு எடிட்டிங்கில் முகத்தை ஏற்றினால் அதோடு நாய்ஸும் ஏறி வரும், கறுத்த முகத்தில் அது இன்னும் அதிகமாகத் தெரியும். சுவருக்காக முகத்தைப் பலி கொடுக்க மனம் வராது. அதனால் ஒரு தெர்மாகோல் எடுத்து, திண்ணையின் படி ஓரத்தில் வெயில் விழும் இடத்தில் நிறுத்தி, அந்த வெளிச்சத்தை அவர் முகத்தின் பக்கம் திருப்பினோம். கண் கூசாத கோணம் கிடைக்கும் வரை கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது. கார்டை மறுபடி பிடித்தால் எண் 50-க்கு ஏறியிருந்தது, ஏறக்குறைய ஒரு ஸ்டாப். இப்போது எஃப் 5.6-க்கு மூடினோம். கார்டு 41-க்குத் திரும்பியது, கன்னமும் 35-இல். சுவரில் கோடு பெரும்பாலும் மறைந்து, மேல் விளிம்பில் மட்டும் மெல்லிய கீற்றாக நின்றது. அது போகட்டும். எவர்சில்வர் சொம்பில் மினுங்கும் வெயில், விளக்கின் சுடர், நகையின் பளிச்சு இவையும் அப்படித்தான். வெளுத்தாலும் கண்ணுக்கு இயல்பாகவே தெரியும், அவற்றுக்காக முழுப் படத்தையும் இருட்டாக்க வேண்டாம்.

தெர்மாகோல் இல்லாத பக்கத்துக் கன்னத்தையும் பார்த்துக்கொண்டோம். அது 26 அளவில் இருந்தது. இரண்டு பக்கத்துக்கும் ஒரு ஸ்டாப் வித்தியாசம், முகத்துக்கு நல்ல உருவம் கொடுக்கும். இந்த இரண்டு எண்களையும் ஐரிஸ் அளவையும் ஒரு தாளில் எழுதிவைத்தோம். பேட்டி நீண்டு மதியம் மறுபடி உட்காரும்போது, வெயில் மாறியிருந்தாலும் அதே எண்களுக்குக் கொண்டுவந்துவிட்டால் இரண்டு துண்டுகளும் எடிட்டிங்கில் ஒட்டிப்போகும்.

ஒரு கேள்வி எப்போதும் வரும்: எஸ்-லாக்3-ஐ ஒரு ஸ்டாப் கூட்டிப் பிடிக்க வேண்டும் என்கிறார்களே? நிழலில் நாய்ஸ் குறையும் என்பது உண்மைதான். அப்படிச் செய்வதானால் கார்டை 41-க்குப் பதில் 50-இல் வைத்துக்கொண்டு, பிறகு எடிட்டிங்கில் ஒரு ஸ்டாப் இறக்க வேண்டும். மேலே ஆறு ஸ்டாப் ஐந்தாகும். அறைக்குள், ஜன்னல் இல்லாத இடத்தில், தாராளமாகச் செய்யலாம். இந்தத் திண்ணையில் செய்திருந்தால் சுவர் தப்பியிருக்காது.

இரண்டு கருவிகளும் ஏமாற்றும் இடம்

மேடைக் கச்சேரியிலும் கல்யாண வரவேற்பிலும் நீல, ஊதா எல்.இ.டி. விளக்குகள் இருக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். ஜீப்ராவும் பெரும்பாலான ஃபால்ஸ் கலரும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. மூன்றையும் கலந்து ஒரே வெளிச்ச எண்ணாக்கித்தான் அளக்கின்றன:

```
Y = 0.2126 R + 0.7152 G + 0.0722 B
```

நீலத்தின் பங்கு எவ்வளவு சிறியது பாருங்கள். நீல விளக்கில் நிற்கும் பாடகரின் முகத்தில் சிவப்பு 35, பச்சை 40, நீலம் உச்சியான 94 என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் விடை ஏறக்குறைய 43. ஜீப்ராவில் ஒரு கோடும் இல்லை. ஃபால்ஸ் கலரில் பச்சையை ஒட்டி, முகம் சரியாக இருப்பது போலவே தெரியும். ஆனால் நீலம் நிறைந்துவிட்டதால் கன்னத்தின் மடிப்பும் நிழலும் போய், முகம் நீலத் தாளை ஒட்டியது போலப் பதிவாகும். பிறகு எந்த கிரேடிங்கிலும் அது மீளாது. அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையில் நேர் வெயில் விழும்போதும் இதே கதைதான், மடிப்புகள் காணாமல் போய்ச் சிவப்பு ஒரே திட்டாகிவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில் மானிட்டரில் ஆர்.ஜி.பி. பரேடைத் திறந்து பாருங்கள். மூன்று நிறங்களும் தனித்தனியாகத் தெரியும். எந்த ஒன்று மேலே போய் மட்டமாக வெட்டுப்பட்டிருந்தாலும் அது மறையும் வரை ஐரிஸை மூட வேண்டும். பரேடு இல்லாத கேமராவாக இருந்தால், விளக்கின் நிறம் அழுத்தமாக மாறும் பாட்டுகளுக்கு ஜீப்ரா என்ன சொன்னாலும் ஒரு ஸ்டாப் முதல் ஒன்றரை ஸ்டாப் வரை குறைத்துப் பிடியுங்கள். விளக்குச் சோதனை நடக்கும்போதே யாரையாவது மேடையில் நிற்கவைத்து, இருப்பதிலேயே அழுத்தமான நீலத்தில் பத்து விநாடி பதிவு செய்து, பெரிதாக்கிப் பார்த்து, கன்னத்தில் மடிப்பு தெரிகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.